மூன்று லட்ச ரூபாய் பாண்டும் எழுத்தில் பேசி முடித்த தொகையும்

சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, மூன்று ஆண்டுகள் பணியில் இருப்பேன், இடையில் விலகினால் மூன்று லட்ச ரூபாய் தருவேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கூடவே, தேதியும் தொகையும் நிரப்பாமல் கையெழுத்திட்ட ஒரு காசோலையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் வேலை உறுதியான சமயத்தில் பாண்டில் இன்னும் 14 மாதங்கள் மீதமிருந்தன. புதிய நிறுவனமோ சேரும் நாளில் ரிலீவிங் லெட்டர் கேட்டது. ஆகவே சொல்லாமல் கிளம்பிவிடும் வழி எனக்கு இல்லை.

நண்பர்கள் வட்டத்தில் இரண்டு கருத்துகள் உலவின. பாண்ட் எதுவுமே சட்டப்படி செல்லாது, ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம் என்பது ஒன்று. பணம் கட்டாவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது மற்றொன்று. பாரிமுனை தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். பாண்ட் என்பது சிவில் விவகாரம்; அதைக் காட்டி ஒரு தனியார் நிறுவனம் தன் விருப்பத்துக்கு யாரையும் விமான நிலையத்தில் நிறுத்த முடியாது. வேலையில் தொடரும்படி நீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்தாது. அதே சமயம், 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் விலகிய அதிகாரி இரண்டு லட்ச ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்திருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, விளம்பரம் செய்து தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் அமைப்பு என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் கணக்கில் கொள்ளப்பட்டது உண்மைதான். ஆனாலும் ‘பாண்டே செல்லாது’ என்று கடிதம் எழுதினால் நம் பக்கம் வலுவிழந்துவிடும் என்றார் அவர்.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. அதாவது மூன்று லட்சம் என்பது உச்சவரம்பு. முழுவதையும் அப்படியே எடுத்து வைக்க வேண்டியதில்லை. அதற்குள் எது நியாயம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அவருடைய யோசனைப்படி ராஜினாமா கடிதத்தில் பாண்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ‘பாண்ட் தொகையைக் கட்டிவிடுகிறேன்’ என்று அதில் எழுதினால், அதுவே முழுக் கடனையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். தனியாக இன்னொரு மின்னஞ்சலில், பாண்ட் தொடர்பான தொகை இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை என்பதால் பிணையாகக் கொடுத்த காசோலையை வங்கியில் செலுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பாண்டைவிட இந்தக் காசோலைதான் எனக்குக் கவலை தந்தது. அது பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ்க் குற்ற வழக்காகவே போகக்கூடும்.

ஹெச்.ஆர். மேலாளர் உடனே தொலைபேசியில் அழைத்தார். “மெயிலெல்லாம் எதுக்குப்பா, லீகலுக்குப் போனா உனக்குத்தான் லேட் ஆகும். போன்லயே பேசி முடிச்சுக்கலாம்” என்றார். “சரிங்க மேடம், நீங்க சொல்றதை மெயில்ல போட்டு வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பேசி முடித்தவுடன் உரையாடலின் சாரத்தை நான்கு வரிகளில் எழுதி அவருக்கே அனுப்பினேன். அலுவலக மின்னஞ்சல் எந்த நாளிலும் முடக்கப்படலாம் என்பதால் என் சொந்த முகவரியையும் அதில் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் இதையே செய்ததில், சில அழைப்புகளுக்குப் பின் அவர்களும் எழுத்துக்கு வந்துவிட்டார்கள்.

எழுத்தில் வந்த கோரிக்கை 4,02,000 ரூபாய். பாண்ட் தொகை மூன்று லட்சம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,000, நோட்டீஸ் பீரியடில் குறையும் ஒரு மாதத்துக்கு முழுச் சம்பளம் 48,000 என்று பிரித்திருந்தார்கள். மூன்று லட்சம் எப்படி வந்தது என்று செலவு விவரம் கேட்டபோது, புனேயில் வெளி நிறுவனத்தில் தந்த பயிற்சிக்கு 86,000, அங்கே தங்கிய செலவு 54,000, பயிற்சிக் காலச் சம்பளம் 1,20,000, நிர்வாகச் செலவு 40,000 என்று பட்டியல் வந்தது. பயிற்சியே தராமல் பாண்ட் மட்டும் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. இவர்கள் உண்மையிலேயே செலவழித்திருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை.

பதிலில், “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, சமரச நோக்கில் எழுதுகிறேன்” என்று தொடங்கினேன். வெளிப் பயிற்சியும் தங்குமிடமும் சேர்ந்த 1,40,000 ரூபாயை ஏற்பதாகவும், 36 மாதங்களில் 22 மாதங்கள் பணிசெய்துவிட்டதால் மீதமுள்ள 14 மாதங்களுக்கான பங்காக 54,444 ரூபாய் தரத் தயார் என்றும் கூறினேன். பயிற்சிக் காலத்தில் வாடிக்கையாளர் பணியிலும் ஈடுபடுத்தப்பட்டதால் அந்தச் சம்பளத்தைச் செலவாகக் காட்ட முடியாது என்பதையும், நிர்வாகச் செலவுக்கு ஆதாரம் தரப்படவில்லை என்பதையும் குறிப்பிட்டேன். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை வாதமே தேவைப்படவில்லை. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178/10/2022 எண் சுற்றறிக்கை, பாண்ட் தொகைக்கும் நோட்டீஸ் பீரியட் பிடித்தத்துக்கும் அந்த வரி இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதை இணைத்து அனுப்பியதும் 54,000 ரூபாய் சத்தமின்றி மறைந்தது. நோட்டீஸ் பீரியட் விஷயத்தில் பணிநியமனக் கடிதமே அடிப்படைச் சம்பளம் என்றுதான் சொல்லியிருந்தது. ஆகவே 48,000 என்பது 26,000 ஆனது.

பாண்ட் தொகையில்தான் இழுபறி. அவர்கள் முழு மூன்று லட்சத்தையும் மாதக் கணக்கில் வகுத்து 1,16,667க்கு வந்து நின்றார்கள். அந்த இடத்தில் என் கணக்கையே மீண்டும் மீண்டும் சொல்வதில் பயனில்லை என்று தோன்றியது. சிங்கப்பூரில் சேரும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது, அது அவர்களுக்கும் தெரியும். கைமாற்றத்துக்கான ஆவணங்களை எழுதித் தந்து, புதிதாக வருபவருக்குக் கடைசி இரண்டு வாரங்கள் பயிற்சியும் தருகிறேன் என்று முன்வைத்தேன். என் மேலாளருக்கு அதுதான் தேவைப்பட்டது. அவர் ஹெச்.ஆரிடம் பேசியபின் 90,000 ரூபாய்க்கு இருதரப்பும் சம்மதித்தோம்.

சம்மதத்தைக் கடிதமாக்கும்போது அவர்கள் அனுப்பிய வரைவில் ‘பாண்ட் தொகையின் ஒரு பகுதியாக’ என்ற சொற்கள் இருந்தன. அப்படியே விட்டிருந்தால் மீதியைப் பின்னால் கேட்கக் கதவு திறந்திருக்கும். ‘பாண்டின்கீழ் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக’ என்று மாற்றச் செய்து, காசோலையின் எண்ணையும் அசல் பாண்டையும் குறிப்பிட்டு, பணம் கிடைத்த நாளிலேயே இரண்டையும் ரிலீவிங் லெட்டரோடு தர வேண்டும் என்றும் சேர்த்தோம். அதிகாரம் பெற்றவரின் கையெழுத்து விழுந்த பிறகே பணம் அனுப்பினேன். பாண்டும் நோட்டீஸ் பீரியடும் சேர்ந்து 1,16,000; நிறுத்தி வைத்திருந்த கடைசி மாதச் சம்பளமும் விடுப்புக்கான பணமுமாக எனக்கு வர வேண்டிய 54,000 ரூபாயைக் கழித்து, 62,000 ரூபாயை வங்கி வழியாக, குறிப்பில் தீர்வுக் கடிதத்தின் தேதியை இட்டுச் செலுத்தினேன். வருங்கால வைப்பு நிதியில் ஒரு பைசாவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. சட்டப்படி அதில் நிறுவனம் கைவைக்க முடியாது. அன்று மாலையே காசோலையும் பாண்டும் ரிலீவிங் லெட்டரும் கைக்கு வந்தன. கடிதத்தில் பணிக்காலத் தேதிகள் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைச் சிங்கப்பூர் நிறுவனத்துக்கு அனுப்பினேன்.