மஞ்சளேறிய கீபோர்டு கட்டைகளை வெளுக்க வைத்த அனுபவம்

பழைய எலெக்ட்ரானிக் கீபோர்டு ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. 61 கட்டைகள் கொண்டது. ஒலியில் குறை இல்லை, ஸ்பீக்கரும் நன்றாகவே இருந்தது. ஆனால் 36 வெள்ளைக் கட்டைகளும் பழுப்பு கலந்த மஞ்சளாகிக் கிடந்தன. நடுவில் நாலைந்து கட்டைகள் அமுக்கினால் உடனே எழாமல் சோம்பலாக மேலே வந்தன. இரண்டையும் சரிசெய்துவிட்டேன். எந்த வேலையை முதலில் செய்வது, எதை எதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மஞ்சள் அழுக்கா, பிளாஸ்டிக்கே நிறம் மாறியதா என்பது. ஒரு வெள்ளைக் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டையின் பக்கவாட்டைப் பார்த்தேன். மேற்பரப்பு மஞ்சள், முன்பக்க விளிம்பு மஞ்சள், ஆனால் வெளிச்சம் படாத பக்கவாட்டு கிட்டத்தட்ட புதிதுபோல வெள்ளை. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் பகுதியிலும், நிழல் விழும் ஓரத்தில் மஞ்சள் குறைவாக இருந்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தபோது துணியில் கறுப்பு வந்ததே தவிர மஞ்சள் இறங்கவில்லை. ஆக, இது பிளாஸ்டிக்கின் மஞ்சள். இந்தக் கட்டைகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை. அதில் இருக்கும் ரப்பர் பாகம் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிராலும் காற்றின் ஆக்சிஜனாலும் மெல்ல மாறி நிறம் ஏறுகிறது. மேல்தோலில் மட்டும் நடக்கிற மாற்றம் என்பதால்தான் திருப்ப முடிகிறது. ஆனால் மேலே படிந்த அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே மாறியது என்பதால் துடைத்துப் போக்க முடியாது. உப்புத்தாள், பற்பசை, மெலமைன் ஸ்பாஞ்சு எல்லாம் பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிடும், மஞ்சள் சீராகப் போகாது.

பிரிப்பதற்கு முன் அடாப்டரைக் கழற்றி, பேட்டரிகளையும் எடுத்துவிட்டேன். ஸ்குரூக்கள் எல்லாம் அடிப்பக்கம்தான். நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமான ஸ்குரூவைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேல் மூடியில் துளை விழும். அதனால் அட்டையில் கீபோர்டின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்குரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ரிப்பன் கேபிளைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் எப்படிச் செருகியிருக்கிறது என்ற படம்தான் பிறகு அதிகம் உதவியது.

இந்த மாடலில் கட்டைகள் தனித்தனியாக இல்லை. ஒரு ஸ்தாயிக்கு மூன்று சீப்புகள்: ஸி, இ, ஜி, பி சேர்ந்த ஒன்று, டி, எஃப், ஏ சேர்ந்த ஒன்று, கறுப்புக்கு ஒன்று. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பின்பக்கம் ஸ்குரூ போட்டிருந்தார்கள். சீப்பின் பின்பக்கம் ஒவ்வொரு கட்டையும் மெல்லிய தகடு போன்ற இடத்தில்தான் வளைகிறது. அந்த இடத்தைத் தப்பாக வளைத்தாலும், சூட்டில் விட்டாலும் கட்டைகள் உயரம் மாறிப் படிக்கட்டாக நிற்கும். கழுவும்போதும் வெயிலில் வைக்கும்போதும் நான் கவலைப்பட்டது இந்த இடத்தைப் பற்றித்தான்.

அடுத்தது பிசுக்கு. எல்லாப் பிசுக்கும் ஒன்றல்ல. சோம்பலாக எழுந்த கட்டைகளின் பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி இறுகிய சொட்டுத் தடம் இருந்தது. ஏதோ இனிப்புப் பானம் சிந்திக் காய்ந்திருக்கிறது. கட்டைகளின் முன்விளிம்பில் இருந்தது வேறு: விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த சாம்பல் நிறப் பசை. கட்டைகளின் அடியில், வழிகாட்டும் முளைகளின் மேல் இருந்த பிசுபிசுப்பு மூன்றாவது வகை. அது அழுக்கு அல்ல, தயாரிக்கும்போதே போட்ட கிரீஸ். கட்டை சத்தமில்லாமல் நழுவுவதற்காக இருப்பது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு அப்படியே மாட்டினால் கட்டைகள் டக் டக் என்று அடித்துக்கொள்ளும்.

பலர் எதற்கெடுத்தாலும் ஐசோபிரபைல் ஆல்கஹாலைத் தேடுகிறார்கள். ஆனால் சர்க்கரை அதில் அநேகமாகக் கரையவே கரையாது. காய்ந்த இனிப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. சீப்புகளைத் தனியே எடுத்துவிட்டதால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு ஊறவைத்தேன். கால் மணி நேரத்தில் அந்தக் கண்ணாடித் தடம் வழுவழுப்பாகி, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷுக்கே வந்துவிட்டது. எண்ணெய்ப் பசையும் அதிலேயே போயிற்று. நல்ல தண்ணீரில் அலசித் துணியில் பரப்பி உலர்த்தினேன். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி இவை எதுவும் ஏபிஎஸ் பக்கத்தில் வரக் கூடாது. தொட்ட இடம் கரைந்து குழையும்.

கட்டைகளைக் கழற்ற முடியாத நிலையில் இருப்பவர்கள் இந்தத் தண்ணீரை இடுக்கில் ஊற்றிவிடக் கூடாது. நன்றாகப் பிழிந்த துணியை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் சுற்றி, ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டையின் பக்கவாட்டை மட்டும் மேலும் கீழும் துடைக்கலாம். துணியைப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, அதுதான் அளவு.

கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை, அதன் கீழே சர்க்யூட் போர்டு. ரப்பரின் உட்பக்கம் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு கறுப்புக் கார்பன் பொட்டுகள் இருக்கும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்டைத் தொடும் இடைவெளியை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கீபோர்டு கணக்கிடுகிறது. ஒன்று அழுக்கானாலும் அந்தக் கட்டை ஒலிக்காமல் போகும், அல்லது மெல்லத் தொட்டாலே உரக்க ஒலிக்கும். அந்தப் பொட்டுகளைத் தேய்க்கவே கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன். போர்டின் தொடுபுள்ளிகளை மட்டும் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் லேசாகத் துடைத்தேன். ஆல்கஹாலுக்கு உண்மையான இடம் இதுதான்.

சரி, இப்போது வெளுக்கும் வேலை. இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் வேண்டும். நான் எடுத்தது 6 சதவீதத் திரவம். பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அதுவும் இதே அளவுதான். 12 சதவீதம் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். தலைமுடிக்கு நிறமேற்றும் கிரீம் வடிவிலும் இது கிடைக்கிறது. அதைப் பூசி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் தாளில் சுருக்கம் விழுந்த இடமும் கிரீம் காய்ந்த இடமும் வேறு வேறு வெண்மையாகி, பளிங்குக் கல் போன்ற கோடுகள் நிற்கும். 36 கட்டைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் உடனே கண்ணில் படும். அதனால் முழுக்க மூழ்கவைப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

அடி தட்டையான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி. வெள்ளைச் சீப்புகளை மட்டும் மஞ்சள் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினேன். கறுப்புக் கட்டைகளைப் போடக் கூடாது, அவை சாம்பல் பூத்துவிடும். கட்டைகளின் அடி குழிவாக இருப்பதால் காற்று சிக்கி அவை மிதக்கும். ஒவ்வொரு சீப்பையும் திரவத்துக்குள்ளேயே சாய்த்துக் காற்றை வெளியேற்றிய பிறகு கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்தேன். மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும், இறுக்கக் கூடாது. பெராக்சைடு சிதையும்போது ஆக்சிஜன் வெளிவரும், அடைபட்டால் பெட்டி வெடிக்கலாம். கையுறையும் கண் மறைப்பும் போட்டுக்கொண்டுதான் செய்தேன். தோலில் பட்டால் வெள்ளையாகிச் சுரீரென்று எரியும், உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. இதோடு குளோரின் பிளீச்சோ வினிகரோ எதுவும் கலக்க வேண்டாம்.

பெட்டியை நேரடி வெயிலில் வைத்தேன். வெளுக்க உதவுவது வெளிச்சம், கெடுக்கிறது சூடு. திரவத்தில் தெர்மாமீட்டர் போட்டு வைத்து, 45 டிகிரியை நெருங்கினால் நிழலுக்கு இழுத்துவிடுவேன். அப்புறம், அரை மணிக்கு ஒருமுறை பெட்டியை மெல்ல அசைக்க வேண்டும். கட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு குமிழிகள் அங்கேயே இருந்தால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக மஞ்சள் தங்கிவிடும். அசைத்ததும் குமிழிகள் கொத்தாக எழுந்து போவது நன்றாகத் தெரியும். சீப்புகளின் இடத்தையும் மாற்றி மாற்றி வைத்தேன், ஓரத்தில் இருப்பவற்றுக்கு நிழல் விழுகிறதே.

முதல் சில மணி நேரத்தில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். ஒரு கட்டையை எடுத்து அலசி, அதன் வெள்ளையான பக்கவாட்டோடு மேற்பரப்பை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும். இந்தப் பக்கவாட்டுதான் அளவுகோல். மேற்பரப்பு அதைவிட ஒரு சாயல் குறைவாக இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல மங்கி, பளபளப்பு போய்விடும். அந்த மங்கலைத் திருப்ப வழி இல்லை. மேகம் வந்து வெயில் குறைந்த நாளில் பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தாலும் கெடுதல் இல்லை.

எடுத்த பிறகு பல முறை தண்ணீரில் அலசி, ஒரு பகல் முழுக்க நிழலில் உலர்த்தினேன். கட்டையின் குழிவுக்குள் ஈரம் தங்கினால் நேராகச் சர்க்யூட் போர்டுக்குத்தான் போகும். மிஞ்சிய திரவத்தை நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விட்டேன். பாட்டிலில் அடைத்து வைக்கவில்லை. கழுவும்போது போய்விட்ட கிரீஸுக்குப் பதில், பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸை முளைகளின் மேல் மெல்லிய படலமாகத் தடவினேன்.

மாட்டி முடித்து, மூடியைப் போடும் முன்பே ஒவ்வொரு கட்டையாக மெதுவாகவும் வேகமாகவும் அடித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் எப்படித் தொட்டாலும் உச்ச ஒலியில் அலறியது. ரப்பர் பட்டையின் சிறு முளை ஒன்று போர்டின் துளைக்குள் முழுதாக இறங்காமல் பட்டை லேசாகத் தூக்கி நின்றது. மழுங்கிய குச்சியால் அழுத்தி உள்ளே தள்ளியதும் சரியாயிற்று.

இந்த வெண்மை நிரந்தரம் அல்ல. வெயில் படாமல் வைத்தாலும் சில வருடங்களில் மஞ்சள் மெல்லத் திரும்பும். மீண்டும் இதே முறையில் வெளுக்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கின் மேல்தோல் கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். அதனால் ஜன்னலோரம் இருந்த இடத்தை மாற்றி, வாசிக்காத நேரத்தில் தடித்த துணி போர்த்தி வைக்கிறேன். பின்னால் ஒப்பிட வசதியாக ஒரு கட்டையின் முன்விளிம்பை மட்டும் படமெடுத்துத் தேதியோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை எப்போது தேவை என்பதை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வேன்.