எல்.சி.யைத் திருத்தச் சொல்லி வாங்குபவருக்கு எழுதியது

பருத்தித் துணி 40,000 மீட்டர், மீட்டருக்கு 3.20 டாலர், எஃப்.ஓ.பி. விலையில் மொத்தம் 1,28,000 டாலர். கேட்ட ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. அது எங்கள் வங்கிக்கு வந்ததும் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். சில இடங்கள் இடித்தன. வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டும்தான், சரக்கை அல்ல. அதனால் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எல்.சி.யில் கேட்ட தாளைக் காட்ட முடியாவிட்டால் பணம் நின்றுவிடும்.

திருத்தம் வரும்வரை சரக்கை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால் வாங்குபவருக்கு என்ன அவசரம்?

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவருடைய வங்கி கட்டணம் வாங்கும், துண்டுதுண்டாகக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஒவ்வொரு விதிக்கும் அதன் எண், இப்போது இருக்கும் வாசகம், வேண்டிய வாசகம், ஒரு வரிக் காரணம் என்று எழுதினேன். அவர் அதை அப்படியே தன் வங்கிக்கு அனுப்பிவிடலாம்.

முதலில் தேதிகள். எல்.சி.யின் 44C விதியில் கடைசி ஏற்றுமதி நாள் மே 31. ஒப்பந்தப்படி எல்.சி. கிடைத்த பிறகு எங்களுக்கு 45 நாள் உண்டு. எல்.சி. தாமதமாக வந்ததால் ஜூன் 20 கேட்டேன். 48-இல் ஏற்றிய 5 நாளுக்குள் ஆவணம் தர வேண்டும் என்று இருந்தது. 31D-யின்படி எல்.சி. ஜூன் 21 அன்று, அதுவும் அவர்கள் வங்கியில் காலாவதியாகும். சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் கைக்கு வரவே சில நாள் ஆகும், அப்புறம் கூரியர். ஆகவே 21 நாள், ஜூலை 11, காலாவதி இடம் எங்கள் நாடு என்று கேட்டேன். எல்.சி. எதுவும் சொல்லாவிட்டால், எல்.சி.க்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600 தருவதும் அதே 21 நாள்தான் என்று காரணத்தில் சேர்த்தேன்.

அடுத்தது தொகை. சாயமிட்ட துணி சொன்ன நீளத்துக்குக் கச்சிதமாக வராது. மீட்டரில் அளக்கும் சரக்குக்கு யு.சி.பி. 5% கூடக்குறைய விடும். ஆனால் தொகை எல்.சி. மதிப்பைத் தாண்டக் கூடாது. 41,200 மீட்டர் வந்தால் 1,31,840 டாலர், அதில் 3,840 டாலர் எல்.சி.க்கு வெளியே நிற்கும். ஒப்பந்தத்திலேயே 5% இருந்ததைக் காட்டி, தொகை எவ்வளவு சதவீதம் கூடக்குறையலாம் என்று சொல்லும் 39A-யில் 05/05 சேர்க்கக் கேட்டேன்.

மூன்றாவது வெறும் கவனக்குறைவு. எஃப்.ஓ.பி. என்றால் கப்பல் கட்டணம் வாங்குபவருடையது. தேவையான ஆவணங்களைப் பட்டியலிடும் 46A-யிலோ கட்டணம் முன்பே செலுத்தப்பட்டதாகக் காட்டும் பில் ஆஃப் லேடிங் கேட்டிருந்தார்கள். மறுபேச்சில்லாமல் மாற்றிவிட்டார்கள்.

உண்மையான இழுபறி ஆய்வுச் சான்றிதழில்தான். வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்து அவர்கள் வங்கியில் இருக்கும் மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். அவர் வரவில்லை என்றாலோ, கையெழுத்து ஒக்கவில்லை என்றாலோ நான் செய்ய ஒன்றுமில்லை. பணம் தருவதா வேண்டாமா என்பது வாங்குபவர் கையில் போய்விடுகிறது. இதை அவரிடம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னால் சண்டைதான். ‘இந்த ஆவணம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, எங்கள் வங்கி இதை ஏற்கத் தயங்கும்’ என்று எழுதினேன். அவர் மறுத்தார். தரத்தைப் பற்றிய பயம் அவருக்கு, அதில் நியாயமும் இருந்தது. கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்ட சுதந்திரமான ஆய்வு நிறுவனம் ஏற்றுமுன் பார்த்துச் சான்று தருவது என்று முடிந்தது.

‘எல்லாம் சரி, ஏற்றுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தது. அது எல்.சி.யைத் திருத்தாது. வங்கிகள் எல்.சி. திருத்தத்தை அனுப்பும் செய்தியான MT707 எங்கள் வங்கி வழியாக வரும்வரை காத்திருந்தேன். வந்ததில் ஏற்றுமதி நாள் ஜூன் 20, ஆவணத்துக்கு 21 நாள், மற்றவையும் சரி. ஆனால் காலாவதி மட்டும் பழைய ஜூன் 21. இடம் மாறியிருந்தது, தேதி மாறவில்லை. 20-ஆம் தேதி ஏற்றினால் எனக்கு மிஞ்சுவது ஒரே நாள், ஏனென்றால் 21 நாள் இருந்தாலும் காலாவதியைத் தாண்ட முடியாது. போதாததற்கு, திருத்தக் கட்டணம் முழுவதும் எங்கள் தலையில் என்று ஒரு வரி.

ஒரே திருத்தத்தில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள யு.சி.பி. விடாது. பாதி ஏற்பு என்றால் அது நிராகரிப்பாகவே கொள்ளப்படும். அதே சமயம் என் மௌனம் சம்மதமாகாது. இத்தனை நாளுக்குள் மறுக்காவிட்டால் ஏற்றதாக அர்த்தம் என்று திருத்தத்திலேயே எழுதியிருந்தாலும் அது செல்லாது. நான் ஏற்பைத் தெரிவிக்கும்வரை பழைய எல்.சி.யே எனக்கு நடப்பு, அவர்கள் வங்கியோ திருத்தத்தை வெளியிட்ட நொடியிலிருந்தே அதற்குக் கட்டுப்பட்டது. அதனால் அவசரப்படவில்லை. முதல் திருத்தத்தை இன்னும் ஏற்கவில்லை என்று எங்கள் வங்கிக்குச் சொல்லிவிட்டு, காலாவதித் தேதியையும் கட்டண வரியையும் மட்டும் மாற்றக் கேட்டு வாங்குபவருக்கு எழுதினேன்.

இரண்டாவது திருத்தத்தில் ஜூலை 11 வந்தது, கட்டணத்தையும் அவர்களே ஏற்றார்கள். இரண்டு திருத்தங்களின் எண்களையும் குறிப்பிட்டு, இரண்டையும் முழுமையாக ஏற்கிறோம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் கன்டெய்னரில் துணி ஏறியது.