அரைத் தவணை கட்டினேன், பதின்மூன்றாவது தவணையைக் கண்டுகொண்டேன்

மாதாமாதம் முழுத் தவணை கட்டாமல், அதில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டினால் இருபது வருடக் கடன் பதினாறு வருடத்தில் முடிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வீட்டில் சொன்னேன். மனைவி கேட்ட கேள்வி சரியான இடத்தில் விழுந்தது: "ஏங்க, பாதி பாதியா ரெண்டு தடவை கட்டினா முழுசு ஒண்ணுதானே? அதுல எங்கேருந்து நாலு வருஷம் குறையும்?"

அதற்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எளிதாக இருக்கட்டும் என்று கடன் பத்து லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 வருடம் என்று வைத்துக்கொண்டேன். மாதத் தவணை 8,997 வருகிறது. கடைசிவரை அப்படியே கட்டினால் வட்டி மட்டும் சுமார் 11,59,000. வாங்கியதைவிட அதிகம்.

அரைத் தவணை 4,499. மாதத்துக்கு இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 24 அரைத் தவணைகள். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது வேறு. வருடத்தில் 52 வாரங்கள், ஆகவே 26 அரைத் தவணைகள். அதாவது 13 முழுத் தவணைகள். பெரும்பாலான மாதங்களில் இரண்டு அரைத் தவணைதான் போகும். வருடத்தில் இரண்டு மாதங்களில் மட்டும் மூன்று போகும். அந்த இரண்டு கூடுதல் பாதிகளும் சேர்ந்துதான் பதின்மூன்றாவது தவணை. பையிலிருந்து பணம் கூடுதலாகத்தான் போகிறது, சிறு சிறு துண்டாகப் போவதால் உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, வருடத்துக்கு ஒரு தவணை கூடுதல். இருபது வருடத்துக்கு இருபது தவணை, மிஞ்சிப்போனால் ஒன்றே முக்கால் வருடம்தானே குறைய வேண்டும்? இந்த இடத்தில்தான் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். கடனின் முதல் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுகிற 8,997-ல் 7,500 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 1,497 மட்டும். ஆனால் கூடுதலாகக் கட்டும் தவணைக்கு வட்டிப் பங்கு கிடையாது, அந்த மாத வட்டியை வழக்கமான தவணை ஏற்கெனவே அடைத்துவிட்டது. ஆகவே 8,997 முழுவதும் அசலில் கழிகிறது. முதல் வருட முடிவில் அது ஏறக்குறைய ஐந்தரை மாதத் தவணைகள் கழிக்கும் அசலுக்குச் சமம். ஒரு தவணை கட்டி ஐந்தரை தவணையைத் தாண்டுகிறோம். கடன் இறுதியை நெருங்க நெருங்க இந்த வேகம் குறையும், ஏனென்றால் அப்போது தவணையில் பெரும்பங்கு அசலாகவே இருக்கும். ஆரம்ப வருடங்களில் கட்டும் கூடுதலுக்குத்தான் மதிப்பு.

அடுத்த கேள்வி: இரண்டு வாரம் என்ற இடைவெளிக்கு இதில் என்ன பங்கு? பாதிப் பணம் சில நாட்கள் முன்னதாகப் போவதாலும் வட்டி குறையுமே? இதைப் பிரித்துப் பார்க்க, கடன் முடிய எத்தனை தவணை ஆகும் என்று சொல்லும் NPER-ஐ வைத்து எக்செல்லில் மூன்று வரி போதும்:

```
=NPER(0.09/26, -4498.63, 1000000)
=NPER(0.09/24, -4498.63, 1000000)
=NPER(0.09/12, -9747.03, 1000000)
```

முதல் வரி இரண்டு வாரத் திட்டம். 424.6 என்று வருகிறது, 26-ஆல் வகுத்தால் 16 வருடம் 4 மாதம். வட்டி சுமார் 9,10,000, மிச்சம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். இரண்டாவது வரி மாதத்துக்கு இரண்டு முறை, வருடத்துக்கு 24 அரைத் தவணை மட்டும். அதாவது முன்னதாகக் கட்டுவது உண்டு, கூடுதல் தவணை கிடையாது. கடன் அரை மாதம் முன்னால் முடிகிறது, மிச்சம் நான்காயிரம் சொச்சம். வட்டியை எப்படிக் கணக்கில் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், ஆனாலும் லட்சங்களுக்கு முன் இது சில்லறைதான். என் மனைவி சொன்னது இந்த இரண்டாவது வரிக்கு ஏறக்குறைய முழுச் சரி.

மூன்றாவது வரியைப் பிறகு பார்க்கலாம். முதலில் நடைமுறை.

கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டபோது, தாராளமாகக் கட்டுங்கள் என்றார்கள். தொடங்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு: தவணைத் தேதிக்குள் முழுத் தொகையும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் வந்தது என்று தாமதக் கட்டணம் விழும். ஆகவே அடுத்த மாதத் தவணையின் முதல் பாதியை முன்கூட்டியே கட்டி, ஒரு பாதி முன்னால் இருக்கும்படி ஆரம்பித்தேன்.

அரைத் தவணை போன மறுநாள் கடன் கணக்கைத் திறந்து அசல் நிலுவையைப் பார்த்தேன். அசையவே இல்லை. இதைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். பாதிப் பணத்தை அவர்கள் ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் ஒதுக்கிவைத்து, மறுபாதி வந்த பிறகுதான் முழுத் தவணையாக வரவு வைத்தார்கள். அப்படியானால் முன்னதாகக் கட்டுவதன் சிறு பலனும் போயிற்று. அது சில்லறைதான், விட்டுவிடலாம். பெரிய விஷயம், பதின்மூன்றாவது தவணை எங்கே போகிறது என்பது. மூன்று பாதி போன மாதத்துக்குப் பின் அறிக்கையில் அடுத்த தவணைத் தேதியைக் கவனியுங்கள். அது ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால், கூடுதல் பணத்தை வருங்காலத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொண்டார்கள் என்று பொருள். அசலில் கழிந்திருந்தால் தேதி மாறாது, நிலுவை குறைந்திருக்கும். சில இடங்களில் நிலுவையைக் குறைத்துவிட்டுத் தவணைத் தொகையையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். அப்போது காலம் அப்படியே நிற்கும். "கூடுதல் தொகையை அசலில் வரவு வைக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வாங்கிவைத்தேன்.

இரண்டு வாரத் திட்டத்தை நடத்தித் தருகிறோம் என்று பதிவுக் கட்டணமும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டணமும் கேட்கும் இடைத்தரகர்களும் உண்டு. நாமே செய்யக்கூடிய வேலைக்குக் கூலி கொடுப்பது எனக்கு வீணாகப் படுகிறது.

ஏனென்றால், மூன்றாவது வரி. மாதத் தவணையின் பன்னிரண்டில் ஒரு பங்கு 750. அதை ஒவ்வொரு மாதமும் சேர்த்து 9,747 கட்டினால் வருடத்தில் அதே 13 தவணை ஆகிறது. விடை 196.4 மாதம், அதுவும் 16 வருடம் 4 மாதம் சொச்சம். இரண்டு வாரத் திட்டத்தோடு ஒப்பிட்டால் மொத்தக் காலத்துக்கும் நான்காயிரத்தை ஒட்டித்தான் வித்தியாசம். சஸ்பென்ஸ் கணக்கைப் பார்த்த பிறகு நான் இதற்கு மாறிவிட்டேன். தாமதக் கட்டணப் பயமும் இல்லை, பாதியை யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடவும் வேண்டாம். சம்பளமே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு, வந்த கையோடு கட்டிவிடலாம் என்பதால் அரைத் தவணை முறை வசதிதான். அவர்கள் மாற வேண்டியதில்லை.

குறுகிய காலக் கடனில் பலன் சிறியது. இதே பத்து லட்சம் ஐந்து வருடக் கடனாக இருந்தால் சுமார் ஆறு மாதம் முன்னால் முடியும், வட்டியில் மிச்சம் 27,000 அளவில். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உள்ள கடன் என்றால் அதைக் கழித்துப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். முழு வட்டியையும் தொடக்கத்திலேயே கணக்கிட்டு அசலோடு சேர்த்துத் தவணையாகப் பிரிக்கும் கடன்களில், அசல் குறைந்தாலும் வட்டி தானாகக் குறையாது. கட்டிக்கொண்டிருக்கும் கடன் குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடுவதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்த பிறகுதான் மேலே உள்ள எண்களுக்கெல்லாம் அர்த்தம்.