அக்காவின் கூலியை எந்த வரியில் எழுதுவது?

அந்தப் பையனின் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீராமபுரத்தில் இட்லி மாவுக் கடை போடுவதற்கு அவன் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எங்கள் கடன் சங்கத்தில் மனு கொடுத்திருந்தார். பி.காம். படிக்கும் மகன் அதனுடன் ஒரு தாள் எழுதி இணைத்திருந்தான். மாதாமாதம் ஆகும் நிலைச் செலவு 40,000 ரூபாய். ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 50. அதைத் தயாரிக்க ஆகும் செலவு 30. பாக்கெட்டுக்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது. 40,000-ஐ 20-ஆல் வகுத்தால் 2,000. மாதம் 2,000 பாக்கெட் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை; இதுதான் சமநிலை விற்பனை. மனுக்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை, நிலைச் செலவை விலையால் வகுத்துவிடுவது. அப்படிச் செய்தால் இங்கே 800 என்று வந்திருக்கும். 800 பாக்கெட் விற்றால் 40,000 ரூபாய் வரும்தான், ஆனால் அதில் 24,000 அரிசிக்கும் உளுந்துக்கும் கவருக்கும் போய்விடும். பையன் அந்தக் குழியில் விழவில்லை.

நான் சரிபார்ப்பது எப்போதும் தலைகீழாகத்தான். 2,000 பாக்கெட் விற்றால் வரவு ஒரு லட்சம். பொருள் செலவு 60,000. மிச்சம் 40,000, அது முழுவதும் நிலைச் செலவுக்குச் சரி. கடைசியில் பூஜ்யம் வந்தால் வகுத்தல் சரி. ஆனால் வகுத்தலுக்குள் போன மூன்று எண்களும் சரியா என்பதை அந்தப் பூஜ்யம் சொல்லாது. அவற்றுக்கு ரசீது பார்க்க வேண்டும், நோட்டுப் பார்க்க வேண்டும், ஆளிடம் கேட்க வேண்டும்.

நிலைச் செலவில் வாடகை 18,000, உதவிக்கு ஒரு பெண்ணின் சம்பளம் 12,000, கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் கடன் தவணை 5,000, மின்சாரம் 3,000, தண்ணீரும் சில்லறையும் 2,000. வீட்டுக்காரர் கேட்ட 1,80,000 ரூபாய் அட்வான்ஸைப் பையன் இதில் சேர்க்கவில்லை. அது சரி, அது திரும்பி வரவேண்டிய பணம். மின்சாரத்தையும் அவன் இரண்டாகப் பிரித்திருந்தான். விற்றாலும் விற்காவிட்டாலும் ஃபிரிட்ஜ் ஓடும், இணைப்புக்கான மாதக் கட்டணமும் வரும். அவை நிலைச் செலவு. கிரைண்டர் அரைக்கும்போது மட்டும்தான் ஓடும், ஆகவே அதைப் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் என்று 30-க்குள் வைத்திருந்தான். தவணையில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். கணக்கியல்படி கடனின் அசல் செலவாகாது. இயந்திரத்தின் தேய்மானமும் வட்டியும்தான் செலவு. ஆனால் சின்னக் கடையில் கல்லாவைவிட்டு மாதாமாதம் வெளியே போவது தவணைதான். கல்லாவில் பணம் இருக்குமா என்பதே எங்கள் கேள்வி, ஆகவே அப்படியே விட்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எனக்கு இது உறுத்தியது.

அடுத்தது 30 ரூபாய். அக்கா ஏற்கெனவே வீட்டில் அரைத்து, சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்கு மாவு கொடுத்துவந்தார். ஒரு நோட்டும் வைத்திருந்தார். அரைத்தது, விற்றது, மிச்சம் என்று அதில் மூன்று பத்திகள். நாளுக்கு ஏறக்குறைய 78 கிலோ அரைத்து 70 விற்றிருந்தார். மிஞ்சிய எட்டும் மறுநாள் புளித்து, அக்கம்பக்கத்துக்குச் சும்மா போனவை. ஏப்ரலில் மிச்சம் கூடியிருந்தது. டிசம்பர் குளிரில் வேறு தொல்லை: இரவெல்லாம் வைத்தும் மாவு பொங்காமல், காலையில் விற்க எடுத்த பாக்கெட் திரும்பி வந்திருந்தது. சராசரியாகப் பத்தில் ஒன்று வீண். அந்த ஒன்றுக்கும் 30 ரூபாய் செலவாகிவிட்டது, அதை விற்ற ஒன்பதுதான் சுமக்க வேண்டும். ஆகவே விற்கும் பாக்கெட் ஒன்றின் உண்மையான செலவு 33 ரூபாய் 33 காசு. மிஞ்சுவது 20 அல்ல, 16 ரூபாய் 67 காசு. சமநிலை விற்பனை 2,400-க்கு ஏறியது. நாளுக்கு 67 ஆக இருந்தது 80 ஆயிற்று. அக்கா விற்றுக்கொண்டிருந்ததோ 70.

இதுவரை அவரும் நானும் ஒரே பக்கம் நின்றோம். நோட்டைப் புரட்டிக் காட்டியவரே அவர்தான், 80 என்றதும், "கடை தெருமேல் இருக்கிறது தம்பி, பத்துப் பாக்கெட் கூடுதலாகப் போகாதா?" என்றார். போகலாம் என்று எனக்கும் பட்டது.

பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கடை திறந்தால் சமையல் வேலையை என்ன செய்வீர்கள், அக்கா?" காலையில் இரண்டு வீடுகளில் சமைத்து மாதம் 12,000 வாங்கிக்கொண்டிருந்தார். விட்டுவிடுவேன் என்றார். நான் தாளில் நிலைச் செலவுக்குக் கீழே இன்னொரு வரி போட்டு, உரிமையாளர் உழைப்பு 12,000 என்று எழுதினேன். 40,000 என்பது 52,000 ஆயிற்று. 16.67-ஆல் வகுத்தால் 3,120 பாக்கெட், நாளுக்கு 104.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கடையில் எனக்கு யார் தம்பி கூலி கொடுக்கப் போகிறார்கள்?" என்றார். யாரும் கொடுக்க வேண்டாம், ஆனால் இப்போது வரும் 12,000 நின்றுபோகுமே என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் இன்னும் என்னை விடவில்லை. "இத்தனை வருடமாக வீட்டில் அரைக்கிறேன். அதற்கு யாரும் எனக்குக் கூலி எழுதவில்லை. கடன் கேட்டு வந்ததும் எழுதுகிறீர்கள்."

படிவத்தில் சமநிலை விற்பனைக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. நான் 3,120 எழுதினேன். 70 விற்பவர் எப்படி 104 விற்பார் என்று கடன் குழு கேட்டது, கோப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2,400 எழுதியிருந்தால், 70-க்கும் 80-க்கும் இருக்கும் தூரத்தைப் பார்த்து அநேகமாகக் கொடுத்திருப்பார்கள்.

எனக்குச் சாதகமான வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன். நாளுக்கு 80 பாக்கெட் விற்கும் மாதத்தில் வாடகையும் சம்பளமும் தவணையும் தீர்ந்து கல்லா காலியாகும். வீட்டு அடுப்பு எதை வைத்து எரியும்? சமையல் வேலைச் சம்பளம் நின்றுவிட்டதால், கல்லாவிலிருந்துதான் எடுப்பார். எடுத்தால் தவணை தவறும். கையெழுத்துப் போட்ட அவரையும் ஜாமீன்காரரையும்தான் அது பிடிக்கும். நான் ஏட்டுக்கணக்குக்காக அந்த வரியைச் சேர்க்கவில்லை. அது உண்மையாகவே கல்லாவைவிட்டு வெளியே போகப்போகும் பணம். தவணையை எந்தக் காரணத்துக்காக விட்டுவைத்தேனோ அதே காரணம்.

இப்படிச் சொல்லிக்கொண்ட அடுத்த நிமிடமே அது தளர்கிறது. கல்லாவைவிட்டுப் போகும் பணம் என்பதே அளவுகோல் என்றால், கேட்க வேண்டியது வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதுதான். கணவருக்கு ஒரு அச்சகத்தில் வேலை இருந்தது. வீட்டுக்கு அக்காவிடமிருந்து 5,000 போதுமோ, 15,000 வேண்டுமோ. 12,000 என்பது தேவையின் அளவு அல்ல, அவர் கைவிடும் வருமானம். அது வேறு கேள்விக்கான எண்: இப்போது செய்வதைவிடக் கடை மேலா? அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருடையது. கடன் குழுவுடையது அல்ல. கடை தன் பில்களைத் தானே கட்டுமா என்பது ஒரு கேள்வி, இந்தப் பெண் இதில் இறங்குவது நல்லதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி விடை உண்டு: 2,400, 3,120. ஒரு கட்டத்துக்குள் இரண்டாவதைப் போட்டதன் மூலம் அவருக்காக நானே முடிவெடுத்தேனா? இல்லை, 2,400 போட்டிருந்தால் அவர் உழைப்புக்கு விலையே இல்லை என்று நானும் சேர்ந்து எழுதியிருப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொன்ன வாக்கியம் குறுக்கே நிற்கிறது.

நான் அன்று இன்னொன்றையும் அவரிடம் காட்டியிருந்தேன். விலையை 55 ஆக்கினால் பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 16.67-லிருந்து 21.67 ஆகும். விலை ஏறுவது பத்து விழுக்காடு, மிஞ்சுவது ஏறுவது முப்பது விழுக்காடு. 52,000-க்குத் தேவையான விற்பனை 104-லிருந்து நேராக 80-க்கு இறங்கிவிடும். "எதிர்க் கடையில் 48தானே" என்று அவர் தலையசைத்தார், நானும் வற்புறுத்தவில்லை.

அவர் அதை வீட்டில் செய்து பார்த்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து மகனோடு வந்தார். அடுக்குமாடிக்காரர்களுக்கு 55 என்று சொன்னபோது சிலர் நின்றுவிட்டார்கள். நோட்டில் நாளுக்கு 66 என்று இருந்தது, வீண் பழைய விகிதத்திலேயே. பையன் புதுத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தான். 50 ரூபாய்க்கு 70 விற்றால் மாதம் மிஞ்சுவது 35,000, கடைச் செலவான 40,000-க்கே எட்டாது. 55-க்கு 66 விற்றால் 42,900. நாளுக்கு நான்கு பாக்கெட் குறைந்தும் கடை தன் பில்களைக் கட்டிவிடுகிறது. நானும் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் அது வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த 66. எதிரே 48 ரூபாய்க்கு அடுக்கி வைத்திருக்கும் தெருவில் அதே 66 நிற்குமா என்று அந்த நோட்டைக்கொண்டு சொல்ல முடியாது.

தாளின் அடியில், நிலைச் செலவோடு சேர்த்து, அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: என் கூலி 6,000. ஒரு வீட்டுச் சமையலை விடப்போவதில்லையாம், மற்றதை மட்டும் விடுவாராம். "இந்த வரியை நானே எழுதினேன்" என்றார், மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. 46,000-ஐ, 21.67 என்று சுருக்காமல் 65/3 என்றே வைத்து வகுத்தால், 2,123-க்குச் சற்று மேல் வரும். பாதிப் பாக்கெட் விற்க முடியாதென்பதால் 2,124. நாளுக்கு 71. கையில் இருப்பது 66.

படிவத்தின் கட்டத்தில் 2,124 எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தில், அக்காவின் கூலி இல்லாமல் 1,847 என்றும், அது எந்தக் கேள்விக்கான விடை என்றும் எழுதி வைத்திருக்கிறேன். குழு பின்பக்கத்தைத் திருப்புமா தெரியாது. அதற்குமுன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: அவர் அந்த ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் காலை நேரத்தில்தான் மாவு வாங்க ஆள் வரும். அப்போது கடையில் யார் நிற்பார், அந்த உதவிப் பெண்ணுக்கு 12,000 போதுமா?