பதினொரு பல்லும் இருபத்து மூன்று பல்லும்

திருகோணமலையில் கொட்பே துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றபோது, அங்கே நான் முதலில் கேட்டது ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் சங்கிலிச் சத்தத்தைத்தான். அதன் அருகில் நின்று பேசுவதென்றால் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். முன்னர் ஓடிய அரை அங்குல ஒற்றைச் சங்கிலி உப்புக் காற்றில் எண்ணெய் இன்றிக் காய்ந்து அறுந்துபோனதாம். அதற்குப் பரிகாரமாக, தடித்தது தாங்கும் என்ற நம்பிக்கையில், மூட்டுக்கு மூட்டு ஒரு அங்குல இடைவெளியுள்ள, அதாவது ஒரு அங்குல பிட்ச் சங்கிலியைப் பூட்டியிருந்தார்கள். இருந்த இடத்துக்குள் அடங்கவேண்டும் என்பதால் மோட்டர்ப் பக்கத்து ஸ்ப்ரொக்கட் என்னும் பற்சக்கரத்துக்கு 11 பற்களும் நொறுக்கியின் பக்கத்துக்கு 33 பற்களும் கிடைத்தன. மூன்று மாதத்தில் சங்கிலியின் உருளைகள் வெடிக்கத் தொடங்கின.

மோட்டர் 5.5 கிலோவாட் வலு கொண்டது. நிமிடத்துக்கு 960 சுற்றுகள் சுழல்வது. ஃபிட்டர் அண்ணனிடம், "காவல் தகட்டைக் கழற்றி மோட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள் அண்ணன்" என்றேன். சிறிய ஸ்ப்ரொக்கட்டை விட்டு மேற்சங்கிலி நேராக விலகும் இடத்தில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தோம். ஒவ்வொரு பல்லுக்கும் முள் ஏறி இறங்கியது. ஏற்றம் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர். "ஸ்ப்ரொக்கட் கோணலா தம்பி?" என்று அவர் கேட்டார். கோணல் இல்லை. ஸ்ப்ரொக்கட் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தாலும், வளையாத கண்ணிகளால் ஆன சங்கிலிக்கு அது 11 பக்கமுள்ள ஒரு பலகோணம். கண்ணியின் மூட்டு உச்சியில் இருக்கும்போது சங்கிலி முழு ஆரத்தில் இழுபடுகிறது. தட்டையான பக்கம் உச்சிக்கு வரும்போது ஆரம் குறைந்து, சங்கிலி தாழ்ந்து, வேகமும் தளர்கிறது. இதையே நாண் விளைவு என்கிறோம்.

வேகம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை 1 − cos(180°/N) என்னும் எளிய கணக்குச் சொல்லிவிடும். N என்பது பற்களின் எண்ணிக்கை. 11 பல்லுக்கு அது 4 சதவீதம், 17 பல்லுக்கு 1.7, 23 பல்லுக்கு 0.9 மட்டுமே. அதற்கு மேல் பல் கூட்டிப் பெறும் இலாபம் சிறிது. கையால் சுற்றும்போது 4 சதவீதம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 960 சுற்றில் அந்த உதறல் வினாடிக்கு 176 தடவை நிகழ்கிறது. அத்துடன் ஒவ்வொரு உருளையும் பல்லில் வந்து மோதும் வேகம் பிட்சையும் சுற்று வேகத்தையும் பொறுத்தது. பிட்சைப் பாதியாக்கினால் மோதும் வேகமும் ஏறத்தாழப் பாதியாகும். மோதும் உருளையும் இலேசானதாகிவிடும். ஆகவே தடித்த சங்கிலியைப் பூட்டியவர்கள் வலிமையைக் கூட்ட நினைத்து அடியைக் கூட்டியிருந்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

ஒரு அங்குல பிட்சிலேயே 23 பல் வைக்கலாமா என்றால், 3:1 விகிதத்துக்குப் பெரிய சக்கரம் 69 பற்களுடன் அரை மீற்றரைத் தாண்டிவிடும். காவல் தகடு கொள்ளாது. எனவே அரை அங்குல பிட்சுக்கே திரும்பி, இரு வரிசைகள் அருகருகே இணைந்த இரட்டைச் சங்கிலியாகத் தெரிவுசெய்தோம். 23 பற்களின் பிட்ச் விட்டம் 93 மில்லிமீற்றர், பழைய 11 பல்லினுடையது 90. பெரிய சக்கரமும் 267 இலிருந்து 279 ஆனது மட்டுமே. சங்கிலித் தகடுகளின் உயரம் குறைவாக இருந்ததால் எல்லாம் பழைய காவலுக்குள்ளேயே அடங்கியது. ஐஸ் கட்டிகளின் குத்துச் சுமைக்காக வலுவை ஒன்றரை மடங்காக்கி அட்டவணையில் பார்த்தபோதும் இரட்டைச் சங்கிலி தாராளமாகத் தாங்கியது. மைய இடைவெளி 500 மில்லிமீற்றருக்குக் கணக்கு 126.1 கண்ணிகள் என்றது. மோட்டரை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக நகர்த்தி 126 ஆக்கினோம். இரட்டை எண் கிடைத்ததில் எனக்கு உண்மையான நிம்மதி, ஏனெனில் ஒற்றை எண்ணுக்குத் தேவைப்படும் வளைந்த அரைக்கண்ணிதான் முதலில் உடையும்.

இதற்கும் விலை உண்டு. இரட்டைச் சங்கிலியில் இரு ஸ்ப்ரொக்கட்டுகளும் ஒரே தளத்தில் நிற்காவிட்டால் சுமை முழுவதும் ஒரு வரிசையில் விழும்; நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து நான்கு தடவை சரிபார்த்தோம். மூட்டுகள் கூடுவதால் எண்ணெயும் தவறக்கூடாது. தகடுகளுக்கிடையே சிவந்த தூள் தெரிந்தால் எண்ணெய் ஊசிவரை போகவில்லை என்று பொருள். எனவே சொட்டு எண்ணெய்க் குப்பியொன்றைத் தளர்ந்த பக்கத்துக்கு மேலே மாட்டினோம்.

ஓடவிட்டபோது அந்த அதிர்வொலி ஒரு மெல்லிய ரீங்காரமாகிவிட்டது. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேச முடிந்தது. ஃபிட்டர் அண்ணன் மாதமொரு முறை மோட்டரை நிறுத்தி, இறுகிய பக்கத்தில் 24 பிட்சை அளந்து சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவருகிறார். புதிதில் 304.8 மில்லிமீற்றர், 2 சதவீத நீட்சியான 310.9 ஐத் தொட்டால் சங்கிலியை மாற்றுவது என்று முடிவு. கடைசியாக நான் பார்த்தபோது சுவரில் 306 என்றிருந்தது.