இரண்டாம் சனிக்கிழமையால் திரும்பி வந்த விண்ணப்பம்

சேர்வராயன் மலையில் ஓவியம் கற்பிக்கும் நான், எங்கள் ஊர் நூலகத்தில் வார இறுதிக் கலை வரலாற்று மன்றம் நடத்த ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தனி நபருக்கு நிதி இல்லை என்பதால் நண்பர்களின் பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில்தான் விண்ணப்பித்திருந்தேன். அதில் சிக்கல் எழவில்லை. சிக்கல் அனுமதிக் கடிதத்திலும் செலவுக் கணக்கிலும் இருந்தது.

நூலகர் மனமுவந்து எழுதித் தந்த கடிதத்தை இணைத்திருந்தேன். வெளியார் அறையைப் பயன்படுத்த மேலலுவலரின் கையொப்பம் வேண்டும் என்று அறக்கட்டளை கேட்டது. அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கிய அன்று, அலுவலர் ஆய்வுக்குச் சென்றிருந்தார். மறுவாரம் என் தாள்களைப் புரட்டிய எழுத்தர், "52 சனிக்கிழமைன்னு போட்டிருக்கீங்களே டீச்சர், இரண்டாம் சனிக்கிழமை நூலகம் லீவாச்சே, பூட்டின கதவு முன்னாலயா பாடம் எடுப்பீங்க?" என்றார். சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னது சரி. அறை, நேரம், சாவிப் பொறுப்பு, கட்டணம் வாங்குவதில்லை என்ற உறுதி ஆகிய நான்கும் கடிதத்தில் இல்லாவிட்டால் கோப்பு நகராது என்பதையும் அவரே சொன்னார். அந்தக் கடிதம் கைக்கு வர மூன்று பயணங்கள் ஆயின.

விடுமுறைச் சனிக்கிழமைகள் பன்னிரண்டையும் தேர்வுக் காலத்தின் நான்கையும் கழித்தபோது 36 கூட்டங்களே எஞ்சின. பொருள் வாங்க நிதி தரமாட்டோம் என்று அறக்கட்டளை சொன்னதால் 45,000 ரூபாய் புரொஜெக்டரை நீக்கிவிட்டு, கூட்டத்துக்கு 500 ரூபாயில் பெரிய வண்ண அச்சுப் படங்கள் என மாற்றினேன். வேறு வழியின்றிச் செய்த இம்மாற்றம் பாடத்துக்கே நல்லதாயிற்று, ஏனெனில் இரண்டு படங்களை மேசையில் அருகருகே வைத்து ஒப்பிடுவது திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவதைவிட எளிது. படங்களுக்கு 18,000, என் மதிப்பூதியம் 36,000, சிறப்பு விருந்தினர்களுக்கு 12,000, மாணவர்களை அழைத்துச் செல்லும் இரண்டு பயணங்களுக்கு 18,000 என மொத்தம் 84,000 ஆயிற்று. "இதர செலவுகள்" என்ற வரியை எழுதவே வேண்டாம். முதல் முறை அதைத்தான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

பயணம் எதற்கு என்றும் கேட்டிருந்தார்கள். "பாரம்பரிய விழிப்புணர்வு" என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான், சிற்பி பார்வைக் கோட்டை எப்படிக் கணக்கிட்டான் என்பதை மாணவர்கள் அளந்து வரைபடமாக்குவார்கள் என்று எழுதினேன். அந்தப் பத்திக்கு மேல் ஒரு கேள்வியும் வரவில்லை.

முதல் தவணை 42,000 சென்ற வாரம் சங்கக் கணக்கில் ஏறியது. பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் கொடுத்த பின்பே மீதி வரும் என்பதால், அச்சகத்தின் முதல் ரசீதிலேயே சங்கத்தின் பெயரைப் போடச் சொல்லி வாங்கிவிட்டேன்.