மூணு பேப்பரும் ஒத்துப்போச்சு, ஆனா சரக்கு கம்மி

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், சப்ளையர் பில் பாஸ் பண்றதுதான் என் வேலை. நாங்க ஆர்டர் போட்ட பிஓ, சரக்கு வந்ததும் ஸ்டோர்ல எழுதற ஜிஆர்என், சப்ளையர் அனுப்புற இன்வாய்ஸ் மூணையும் பக்கத்துல வெச்சு எவ்ளோ கேட்டோம், எவ்ளோ வந்துச்சு, எவ்ளோக்கு பில் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டுதான் பேமென்ட்டுக்கு அனுப்பணும். இதுல நான் மாட்டிகினு முழிச்ச ஒரு லைனிங் தோல் பில்லு கதைய சொல்றேன்.

பிஓல 5,000 சதுர அடி, அடிக்கு 65 ரூபா. பில்லு 5,030 சதுர அடிக்கு வந்துச்சு, ரேட் 68. ஜிஆர்என்லயும் 5,030. 30 அடி கூட வந்தது பெரிய விஷயமில்ல, அளவுல 2% வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம்னு பிஓலயே போட்டிருக்கோம், ஆனா ரேட்டுக்கு அந்த சலுகை கிடையாது. அதனால பில்ல ஹோல்ட்ல போட்டுட்டு பர்ச்சேஸ் சார கேட்டேன். "ஆமாப்பா, பச்சைத்தோல் விலை ஏறிட்ச்சின்னு போன்ல கேட்டாங்க, சரின்னேன், நீயே 68ன்னு மாத்திக்கோயேன்"னாரு. அங்கதான் உஷாரா இருக்கணும், பில் பாஸ் பண்றவனே பிஓ ரேட்டையும் மாத்துனா அப்புறம் செக் பண்றதுக்கு என்ன இருக்கு. அவரே திருத்தின பிஓ போட்டு, எம்டி கையெழுத்து வாங்கி, அன்னிக்கி தேதியிலயே குடுத்தாரு. பழைய தேதி போடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, நான் ஒத்துக்கல.

ரேட் முடிஞ்சுது, பாஸ் பண்ணிடலாம்னு இருந்தப்போதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்த சப்ளையரோட பழைய ஜிஆர்என் எல்லாத்தையும் எடுத்து பாத்தா ஒவ்வொண்ணும் பில்லு அளவேதான், ஒரு அடி கூட வித்தியாசம் இல்ல. தோல்ல அப்படி வரவே வராது, அவங்க தோல் அளக்கற மிஷின் வேற நம்ம மிஷின் வேற, மழைக்காலத்துல ஈரம் இழுத்து கொஞ்சம் விரியும், வெயில்ல காஞ்சா சுருங்கும், கொஞ்சமாச்சும் வித்தியாசம் இருந்தே ஆகணும்.

நேரா ஸ்டோருக்கு போயி ஸ்டோர் அண்ணாவ கேட்டேன். "இன்னா தம்பி, லோடு வந்து நிக்கும்போது ஒவ்வொரு தோலா மிஷின்ல உட்டுகினு இருக்க முடியுமா, பண்டல எண்ணிட்டு பில்ல பாத்து எழுதிடுவேன்"னாரு. அப்போ இத்தினி நாளா நான் பில்ல பில்லோடவே ஒத்து பாத்துகினு இருந்திருக்கேன்!

வந்த 10 பண்டல்ல 2 கட்டிங்குக்கு போயிடுச்சு, வெட்டுன தோல அளக்க முடியாது, அதுக்கு சப்ளையர் சொன்ன 1,010 அடிய ஒத்துக்கறதத் தவிர வேற வழி இல்ல. மிச்சம் 8 பண்டல் அவங்க கணக்குல 4,020, நம்ம மிஷின்ல 3,890. ஆக மொத்தம் 4,900, அதாவது பில்ல விட 130 அடி கம்மி, கிட்டத்தட்ட 2.6%. இத்தனைக்கும் ரெண்டு பண்டல அவங்க கணக்குப்படியே விட்டும் 2% தாண்டிடுச்சு.

சப்ளையர் பாய்க்கு போன் போட்டேன், முதல்ல "எங்க மிஷின் கரெக்ட்டு தம்பி"ன்னாரு. அப்புறம் அவரு ஆள அனுப்பி, நம்ம மிஷின்ல ரெண்டு பேரும் நின்னு ஒரு பண்டல அளந்து பாத்ததும் ஒத்துக்கிட்டாரு. ஆனா போன் பேசுனதோட விடல, சரக்கு வந்த ஒம்பதாவது நாளே கம்மின்னு மெயில் போட்டுட்டேன். ஏன்னா அவங்க சின்ன யூனிட்டா பதிவு பண்ணவங்க, எம்எஸ்எம்இ சட்டப்படி சரக்கு வந்து 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலன்னா சரக்க ஏத்துக்கிட்டதாதான் கணக்கு. ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்த நிறுத்த முடியாது, கெடு தாண்டி மார்ச் முடிஞ்சும் குடுக்கலன்னா இன்கம் டாக்ஸ்ல அந்த வருஷ செலவா காட்ட முடியாது.

அதனால முழு பில்லையும் நிறுத்தி வைக்கல. தகராறு இல்லாத 4,900 அடிக்கு 68 ரூபா வீதம் 3,33,200, அதுக்குண்டான ஜிஎஸ்டியோட குடுத்துட்டோம். மிச்சம் 130 அடி, 8,840 ரூபாயும் அதோட ஜிஎஸ்டியும், அதுக்கு பில்லு தொகைய குறைக்கற கிரெடிட் நோட் பாய்கிட்ட கேட்டேன். நாம போடற டெபிட் நோட் நம்ம புக்குக்கு மட்டும்தான், சப்ளையரோட வரி குறையணும்னா அவங்கதான் கிரெடிட் நோட் போடணும். வராத சரக்கோட ஜிஎஸ்டிய நாமளும் நம்ம வரில கழிச்சு இன்புட் எடுக்கக் கூடாது, அந்த 130 அடி வரிய நான் எடுக்கவே இல்ல.

ஜிஆர்என்ன 4,900ன்னு திருத்துனோம், பழைய என்ட்ரிய அழிக்காம காரணத்தோட.

அதுக்கப்புறம் ஸ்டோருக்கு போற பிஓ காப்பில அளவு இருக்காது, ஐட்டம் பேரும் சப்ளையர் பேரும் மட்டும்தான். பில்லும் கேட்லேர்ந்து நேரா எங்க டேபிளுக்கு வந்துடும். ஸ்டோர் அண்ணா ஒரு வாரம் என்கிட்ட பேசல. அடுத்த லோடுக்கு பில்லு 3,000, அவரு மிஷின்ல உட்டு எழுதுனது 2,985. அரை பர்சென்ட்தான், 2%க்குள்ள இருக்கு, பில்லு அளவுக்கே பாஸ் பண்ணிட்டேன்.